இரண்டைக் கேட்டால் ஐந்து எரிகிறது

லிஃப்டில் மாடி எண்ணைக் காட்டுவதும் ஆட்டோ மீட்டரில் கட்டணத்தைக் காட்டுவதும் ஏழு சின்ன விளக்குக் கோடுகள்தான். இதற்குச் செவன் செக்மென்ட் டிஸ்ப்ளே என்று பெயர். டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸ் படிப்பவர்களுக்கு ஆரம்பத்திலேயே வரும் பயிற்சிகளில் ஒன்று, 0 முதல் 9 வரை எந்த எண்ணுக்கு எந்தக் கோடு எரிய வேண்டும் என்று அட்டவணை எழுதுவது. எளிதாகத்தான் தெரியும். தவறு நுழையும் இடமும் அதுதான்.

கோடுகளுக்கு ஏ முதல் ஜி வரை பெயர் உண்டு. உச்சியில் கிடப்பது ஏ. அங்கிருந்து கடிகார முள் போகும் திசையில் வலப்புற மேல்கோடு பி, கீழ்க்கோடு சி, அடிக்கோடு டி, இடப்புறக் கீழ்க்கோடு ஈ, மேல்கோடு எஃப். நடுவில் குறுக்கே கிடப்பது ஜி. எரிந்தால் 1, அணைந்தால் 0 என்று எழுதினால் அட்டவணை இப்படி வரும்:

```
   abcdefg
0  1111110
1  0110000
2  1101101
3  1111001
4  0110011
5  1011011
6  1011111
7  1110000
8  1111111
9  1111011
```

வரிசை வரிசையாக எழுதிய இதைச் சர்க்யூட்டாக மாற்றும்போது பத்தி பத்தியாகப் படிக்க வேண்டும். ஏனென்றால் ஒவ்வொரு கோட்டுக்கும் தனித்தனி சர்க்யூட். ஈ பத்தியைப் பாருங்கள். ஒற்றைப்படை எண் எதிலும் அது எரிவதில்லை. இரட்டைப்படையில் 4 ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் எரிகிறது. எண் உள்ளே வருவது 8, 4, 2, 1 என்ற மதிப்புள்ள நான்கு கம்பிகள் வழியாக. அதனால் ஈ எரிய இரண்டு நிபந்தனைகள் போதும்: 1-இன் கம்பி அணைந்திருக்க வேண்டும், கூடவே, 2-இன் கம்பி எரிந்தோ 4-இன் கம்பி அணைந்தோ இருக்க வேண்டும். நான்கு கம்பிகளில் 10 முதல் 15 வரையிலான எண்களும் வர முடியும்தான். ஆனால் நம் பயிற்சியில் அவை வரப்போவதில்லை என்பதால் அங்கே என்ன எரிந்தாலும் கவலை இல்லை. லேபில் இதை டோன்ட் கேர் என்பார்கள். அந்தச் சலுகையால்தான் 8-இன் கம்பியை ஈ கோடு கண்டுகொள்ளவே வேண்டியதில்லை.

இனி தவறுக்கு வருவோம். மேலே ஏ இடது ஓரத்தில் இருக்கிறது. மைக்ரோகன்ட்ரோலருக்கு எழுதப்படும் பல புரோகிராம்களில் ஏ வலது ஓரத்தில், அதாவது கடைசி பிட்டில் இருக்கும். ஒரு முறைப்படி அட்டவணையை எழுதி, மறுமுறைப்படி கம்பிகளை இணைத்துவிட்டால் ஏ-யும் ஜி-யும், பி-யும் எஃப்-பும், சி-யும் ஈ-யும் இடம் மாறிவிடும். டி மட்டும் நடுவில் அப்படியே நிற்கும்.

இந்தக் கோளாறு முதலில் கண்ணில் படாது. 8-ஐப் போட்டால் 8 வரும். 1-ஐப் போட்டாலும் 1 போலத்தான் தெரியும், ஆனால் இடது ஓரமாக ஒட்டிக்கொண்டு நிற்கும். 2-ஐப் போட்டால் அச்சுப் பிசகாத 5! 5-ஐப் போட்டால் 2. கூட்டல் சர்க்யூட்டின் விடையை இதில் காட்டினால், கணக்குதான் தப்பு என்று நினைத்து நல்ல சர்க்யூட்டைப் பிரித்துப் போடுவார்கள். சந்தேகம் வந்தால் 7-ஐப் போட்டுப் பார்ப்பது நல்லது. இடப்புறம் ஒரு நெடுங்கோடும் அதிலிருந்து வலப்பக்கம் நீளும் குறுக்குக்கோடும் வந்தால், வரிசை தலைகீழாகிவிட்டது என்று நிச்சயமாகச் சொல்லலாம்.

வேறொரு கோளாறுக்கு முகம் வேறு. டிஸ்ப்ளேயில் இரண்டு வகை உண்டு. காமன் கேத்தோடு வகையில் எல்லா எல்.இ.டி.களின் எதிர்முனையும் ஒன்றாகச் சேர்ந்து கிரவுண்டுக்குப் போகும். 1 கொடுத்தால் எரியும். காமன் ஆனோடு வகையில் நேர்முனைகள் சேர்ந்து 5 வோல்ட்டுக்குப் போகும். 0 கொடுத்தால்தான் எரியும். முதல் வகைக்கு எழுதிய அட்டவணையை இரண்டாம் வகையில் போட்டால் எரிய வேண்டியது அணைந்து, அணைய வேண்டியது எரியும். 0-க்கு நடுக்கோடு மட்டும் மினுங்கும், 8-க்கு ஒன்றுமே வராது. டிஸ்ப்ளே போய்விட்டது என்று குப்பையில் எறிவதற்கு முன் 0-ஐப் போட்டுப் பார்த்துவிடுங்கள். நடுக்கோடு தனியாக எரிந்தால் பொருள் நல்ல பொருள்தான். அட்டவணையில் உள்ள ஒவ்வொரு பிட்டையும் புரட்டிப் போட்டால் சரியாகிவிடும்.

கடைசியாக, தவறே இல்லாத ஒரு தவறு. 7447 என்ற டீகோடர் ஐ.சி.யைப் பொருத்தியவர்கள், 6-க்கு மேல்கோடும் 9-க்கு அடிக்கோடும் எரியவில்லையே என்று கம்பிகளை ஆட்டிப் பார்ப்பார்கள். அந்த ஐ.சி. அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது, அதன் 6-க்கும் 9-க்கும் வால் கிடையாது. வாலோடு வேண்டுமென்றால் 74247 வாங்க வேண்டும்.