பைல் இறங்கிவிட்டதா? டிசைனை மாற்றும் முன் காரணத்தைத் தேடுங்கள்

கட்டட வேலையில் பைல் லோடு டெஸ்ட் தோற்றால், கான்ட்ராக்டர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: “இன்னும் நாலு மீட்டர் ஆழம் போட்டுவிடலாமா, இல்லை பைல் எண்ணிக்கையைக் கூட்டலாமா?” ரிக் வாடகை ஓடிக்கொண்டிருக்கும்போது இப்படிக் கேட்பது இயல்புதான். ஆனால் மண்ணியல் பொறியாளர் உடனே சரி என்று சொல்லமாட்டார். அவர் எழுதும் பதில் கடிதம் எப்படி இருக்கும் என்பதை ஒரு மாதிரி நிலவரத்தை வைத்துப் பார்க்கலாம்.

சென்னையின் தென்பகுதியில் ஒரு அடுக்குமாடி வேலை. மேலே களிமண், பிறகு மணல், 17 மீட்டருக்குக் கீழே சிதைந்த பாறை. பைல் 600 மி.மீ. விட்டம், 18 மீட்டர் ஆழம். துளையின் பக்கம் சரியாமல் இருக்க பென்டோனைட் கரைசலை நிரப்பித் தோண்டி, கம்பிக்கூடு இறக்கி, ட்ரெமி பைப் வழியாக அடியிலிருந்து கான்கிரீட் போட்டது. ஒரு பைல் தாங்கவேண்டிய சுமை 120 டன்.

பைல் இரண்டு வழியில் சுமையைத் தாங்குகிறது. ஒன்று, அதன் பக்கம் முழுதும் மண்ணோடு உள்ள உராய்வு. மற்றொன்று, அடிமுனை பாறைமேல் ஊன்றி நிற்பது. இந்த டிசைனில் அதிகபட்சமாக உராய்வு 150 டன், அடிமுனை 150 டன் தரும் என்று கணக்கிட்டு, அந்த 300 டன்னை 2.5 ஆல் வகுத்து 120 டன் எடுத்திருக்கிறார்கள்.

வேலையில் நிற்கப்போகும் பைல்களைச் சோதிக்க இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2911, பகுதி 4 ஒரு முறை சொல்கிறது. பைலின் தலைக்கு மேல் மேடை கட்டி, கான்கிரீட் கட்டைகளை அடுக்கி, அந்த எடையை எதிர்த்து ஜாக்கியால் பைலை அழுத்தவேண்டும். தாங்கவேண்டிய சுமையின் ஒன்றரை மடங்கு வரை, இங்கே 180 டன் வரை, படிப்படியாக ஏற்றவேண்டும். 600 மி.மீ. வரையான பைல் அந்தச் சுமையில் 12 மி.மீ.க்கு மேல் இறங்கக்கூடாது. நம் பைல் 120 டன்னில் 4 மி.மீ. மட்டுமே இறங்கியிருந்தது. 144 டன் ஏற்றியதும் ஜாக்கி அழுத்தம் நிற்கவில்லை. பம்ப் அடிக்க அடிக்க பைல் இறங்கிக்கொண்டே போனது. 38 மி.மீ. இறங்கிய பிறகுதான் அழுத்தம் மறுபடி நின்றது. சுமையை எடுத்தபோது 4 மி.மீ. மட்டுமே மேலே வந்தது. இதற்குப் பிறகு பொறியாளர் எழுதும் கடிதம்:

“ஐயா, வணக்கம்.

பைலை 22 மீட்டராக்கலாம் என்ற உங்கள் யோசனையைப் படித்தேன். மண் பலவீனமாக இருந்து பைல் தோற்றிருந்தால் அதுதான் மருந்து. ஆனால் மண் பலவீனம் என்பதற்கு நம்மிடம் இன்னும் ஆதாரம் இல்லை. காரணம் வேறாக இருந்தால், 22 மீட்டர் பைலிலும் அதே கோளாறு வரும்; செலவு மட்டும் கூடும்.

முதலில் டெஸ்டையே சந்தேகிக்கவேண்டும். ஜாக்கி, பிரஷர் கேஜ் இரண்டின் காலிபரேஷன் சான்றிதழ்களை அனுப்புங்கள். கேஜ் குறைத்துக் காட்டியிருந்தால் நாம் 144 என்று நினைத்து அதைவிட அதிகமாக ஏற்றியிருப்போம். டயல் கேஜ்களைத் தாங்கிய டேட்டம் பார் வெயிலில் இருந்ததா, மேடையின் கால்களுக்கு மிக அருகில் இருந்ததா என்றும் எழுதுங்கள். இவை அளவில் சில மி.மீ. பிழையைத் தரும். ஆனால் 34 மி.மீ. நிரந்தர இறக்கத்தை இவை மட்டும் உண்டாக்கியிருக்கும் என்று நான் நம்பவில்லை.

சுமை-இறக்கக் கோட்டைப் பாருங்கள். உராய்வு சில மி.மீ. நகர்விலேயே முழுதாக வேலைக்கு வந்துவிடும். இந்தப் பைல் 120 டன்னைத் தாண்டும்வரை ஒழுங்காக நின்றதால், பக்கங்கள் ஏறக்குறைய எதிர்பார்த்த அளவுக்கு வேலை செய்திருக்கின்றன. அதற்குமேல் வந்த சுமையை அடிமுனை வாங்கியிருக்கவேண்டும், வாங்கவில்லை. 38 மி.மீ.க்குப் பிறகு மறுபடி பிடித்ததுதான் முக்கியமான தடயம். பாறைக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே மெத்தைபோல ஒரு சேற்றுப் படலம் இருந்து, அது நசுங்கியபிறகு பைல் ஊன்றியிருக்கலாம்.

உங்கள் பைலிங் பதிவேட்டையும் பார்த்தேன். இந்தத் துளைக்குத் தேவையான கான்கிரீட் 5.1 கன மீட்டர், போனது 5.6. வழக்கமாகக் கொஞ்சம் கூடுதலாகத்தான் போகும். ஆகவே நடுவில் பைல் ஒடுங்கியிருக்க வாய்ப்பு குறைவு, இல்லை என்று சொல்லமுடியாது. துளை கழுவியபின் ஆழம் 18 மீட்டர் என்று எழுதியிருக்கிறது. அதன்பின் கான்கிரீட் லாரி வர நான்கு மணி நேரம் ஆகியிருக்கிறது. கம்பிக்கூடு இறக்கியபிறகு மறுபடி ஆழம் அளந்ததாகப் பதிவு இல்லை. அந்த நான்கு மணி நேரத்தில் கரைசலில் மிதந்த மணல் அடியில் படிந்திருக்கலாம். கூடு பக்கத்தைச் சுரண்டி மண்ணை உதிர்த்திருக்கலாம்.

இது இன்னும் சந்தேகம்தான். அடுத்து மூன்று வேலைகளைச் செய்யக் கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, இந்தப் பைலிலும் அதே வாரம் போட்ட மற்ற பைல்களிலும் இன்டெக்ரிட்டி டெஸ்ட். இரண்டு, இந்தப் பைலின் நடுவே கோர் துளையிட்டு அடிமுனையைத் தாண்டி ஒரு மீட்டர் வரை எடுப்பது. மூன்று, பைலுக்குப் பக்கத்தில் புதிய போர்ஹோல் ஒன்று. பழைய போர்ஹோல் இங்கிருந்து 40 மீட்டர் தள்ளி இருக்கிறது. சிதைந்த பாறையின் மேல்மட்டம் அந்த இடைவெளியில் கீழே சரிந்திருக்கலாம்.

பைலிங்கை முழுதாக நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் இனி ஒவ்வொரு துளையிலும், கான்கிரீட் போடுவதற்குச் சற்று முன்பு ஆழம் அளந்து, கையெழுத்தோடு பதிவு செய்யவேண்டும். படிவு இருந்தால் ட்ரெமி பைப் வழியாக மறுபடி கழுவியபிறகே கான்கிரீட்.”

கடிதம் கேட்கும் மூன்றும் ஒன்றையொன்று ஈடுசெய்கிறவை. இன்டெக்ரிட்டி டெஸ்டில் பைல் தலையைச் சிறு சுத்தியலால் தட்டி, எழும் அலை கீழே போய்த் திரும்புவதைக் கேட்கிறார்கள். கான்கிரீட்டில் அலை நொடிக்குச் சுமார் 4,000 மீட்டர் போகும். ஆகவே 18 மீட்டர் பைலில் எதிரொலி சுமார் 9 மில்லி நொடியில் திரும்பவேண்டும். அதற்கு முன்பே திரும்பினால் நடுவில் ஒடுக்கமோ விரிசலோ இருக்கலாம். ஆனால் முனைக்குக் கீழே உள்ள மெல்லிய சேற்றை இந்தச் சோதனை நம்பகமாகக் காட்டாது. பைல் எவ்வளவு தாங்கும் என்றும் சொல்லாது. முனையைக் கண்ணால் பார்க்க கோர் துளைதான் வழி.

பதிவேட்டை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஹாங்காங் சாட்சி. சா டின் பகுதியில் 1999-ல், ஏறக்குறைய முடிந்துவிட்ட இரண்டு பொது வீட்டுவசதிக் கட்டடங்கள் அளவுக்கு மீறி இறங்குவது தெரிந்தது. விசாரித்ததில் பல பைல்கள் இருக்கவேண்டிய ஆழத்துக்குப் போகவே இல்லை. கட்டடங்கள் இரண்டும் இடிக்கப்பட்டன.

நம் மாதிரிக்கு வருவோம். கோர் குழாயில் கான்கிரீட் முடிந்ததும் சேறும் மணலும் வந்து, அதன்கீழ் நல்ல பாறை வந்தால் டிசைன் தவறில்லை. துளை கழுவும் முறைதான் தவறு. அந்தக் கோர் துளை வழியாகவே முனையில் சிமெண்ட் கரைசலைச் செலுத்தி, மறுபடி லோடு டெஸ்ட் செய்து பார்க்கலாம். கான்கிரீட் பாறைமேல் ஒட்டி நின்று, பாறையே கெட்டியில்லாமல் இருந்தால், அப்போது ஆழத்தைக் கூட்டுவது சரியான மாற்றம். எவ்வளவு கூட்டுவது என்பதையும் புதிய போர்ஹோல் சொல்லும். பைல் நடுவில் ஒடுங்கியிருந்தால் அதைக் கைவிட்டு மாற்றுப் பைல் போட்டு, பைல் கேப்பைத் திருத்தவேண்டும். எது எப்படி ஆனாலும், அதே நாட்களில் போட்ட மற்ற பைல்களிலும் சிலவற்றையாவது லோடு டெஸ்ட் செய்து பார்க்காமல் மேலே தளம் எழுப்பக்கூடாது.