தாளில் இருக்கும் வாதம் காதில் நிற்குமா?

பள்ளி விவாதப் போட்டி ஒன்றுக்காக எழுதிய உரையை, பதினோராம் வகுப்பு மாணவி ஒருவர் என்னிடம் கொண்டுவந்தார். தலைப்பு: 'ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிக்கான தடை தொடர வேண்டும்'. அவர் தடைக்கு ஆதரவான அணி. நேரம் 4 நிமிடம். கையெழுத்து அழகு, தமிழ் அழகு. தாளில் படித்தபோது குறை சொல்ல எதுவுமே இல்லாததுபோல இருந்தது. ஆனால் விவாத உரையைத் தாளில் படித்து மதிப்பிட முடியாது. கண் புரியாத வரிக்குத் திரும்பிப் போகும், காது போகாது. அதனால் அந்த உரையை மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு கேள்வியோடு அணுகினேன்.

முதல் முறை, கட்டமைப்பு. ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அந்தப் பத்தி நிறுவுவது என்ன என்று பென்சிலால் ஒரே வரியில் எழுதினேன். முதல் பத்தி அவை வணக்கமும் முன்னுரையும். இரண்டாவது, பைகள் வாய்க்காலை அடைக்கின்றன, மாடுகள் தின்று சாகின்றன. மூன்றாவது, மண்ணும் நீரும் கெடுகின்றன. நான்காவது, வருங்காலத் தலைமுறைக்குக் கேடு. ஐந்தாவது மறுப்பு, ஆறாவது முடிவுரை.

இந்த ஆறு வரிகளை மட்டும் வரிசையாகப் படித்தால் குறை தானாகத் தெரிகிறது. நடுவில் உள்ள மூன்று பத்திகளும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன: நெகிழி கெட்டது. அதை எதிரணியும் ஒப்புக்கொள்ளும். விவாதம் நெகிழியைப் பற்றியது அன்று, தடையைப் பற்றியது. கெட்டதென்றால் ஏன் தடைதான் வேண்டும்? விழிப்புணர்வு போதாதா? பைக்கு வரி போட்டால் ஆகாதா? இந்தக் கேள்விக்கு உரையில் ஒரு வரிகூடப் பதில் இல்லை. பள்ளி உரைகளில் நான் அதிகம் காணும் பிழை இதுதான். யாரும் மறுக்காத ஒன்றை நிறுவுவதில் முக்கால்வாசி நேரம் போய்விடும்.

மூன்று பத்திகளையும் ஒன்றாகச் சுருக்கச் சொன்னேன். மீதமான இடத்தில் தடைக்கான காரணத்தை எழுதச் சொன்னேன். யோசித்துவிட்டு அவரே சொன்னார்: "சார், பையால வர்ற வசதி வாங்கறவருக்கு. அடைப்பு தெருவுல இருக்கற எல்லாருக்கும். அதனால அதை வாங்கறவர் விருப்பத்துக்கு விட முடியாது." இதுதான் வாதம். இதுவரை தாளில் இல்லாத முதுகெலும்பு.

நேரத்தையும் இங்கேயே பார்த்தேன். உரை 470 சொற்கள். தெளிவாக, நிறுத்திப் பேசினால் மேடைத் தமிழில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 சொற்கள் என்பது என் அனுபவக் கணக்கு. ஆளுக்கு ஆள் இது மாறும் என்பதால், கடிகாரம் வைத்துப் படித்துப் பார்ப்பதே சரி. அவர் படித்தபோது 4 நிமிடம் 50 நொடி ஆனது. வணக்கமும் முன்னுரையும் மட்டும் 90 சொற்கள். அதாவது, தன் நிலைப்பாட்டைச் சொல்வதற்கு முன்பே ஏறத்தாழ ஒரு நிமிடம் போய்விடுகிறது. மணி அடிக்கும்போது வெட்டுப்படுவது முடிவுரைதான்.

இரண்டாம் முறை, மறுப்பு. அவர் எழுதியிருந்தது இது: 'நெகிழிப் பை மலிவானது, சிறு வணிகர்களுக்கு வேறு வழியில்லை, தடை விதித்தும் அது கடைகளில் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது, எனவே தடையால் பயனில்லை என்று சிலர் கூறும் வாதம் ஏற்கத்தக்கதன்று.'

இதில் மூன்று வாதங்கள் ஒரே மூட்டையில் கட்டப்பட்டு, ஒன்றுக்கும் காரணம் சொல்லாமல் தள்ளப்படுகின்றன. 'ஏற்கத்தக்கதன்று' என்பது தீர்ப்பு, பதில் ஆகாது. தமிழுக்கே உரிய இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நம் மொழியில் 'என்று', 'அன்று', 'இல்லை' எல்லாம் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். ஆகவே கேட்பவர் பத்து நொடி எதிரணியின் வாதத்தை இவர் வாயிலேயே கேட்கிறார், அது யாருடைய கருத்து என்று தெரியாமல். கடைசிச் சொல்லில் குரல் சற்று இறங்கினால் மறுப்பே காதில் விழாது.

அதனால் வரிசையை மாற்றினோம். யார் சொன்னது என்பது முதலில், அவர்கள் வாதம் சுருக்கமாக அடுத்து, பிறகு பதில், கடைசியில் அந்தப் பதிலால் என்ன ஆகிறது என்பது. மூன்று வாதங்களில் வலுவான ஒன்றை மட்டும் எடுத்தோம். திருத்திய வடிவம்: 'எதிரணி நண்பர்கள் கேட்கிறார்கள்: தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் நாளே தடை வந்தது, இன்றும் பை கிடைக்கிறதே? என் பதில்: தலைக்கவசம் கட்டாயம். அணியாதவர்களும் இருக்கிறார்கள். அதற்காக அந்தச் சட்டத்தை எடுத்துவிடலாமா?'

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. சட்டத்தைச் சிலர் மீறுவதால் சட்டம் வீணாகாது என்று மட்டுமே இந்த ஒப்புமை காட்டுகிறது. தடையால் பயன் உண்டு என்று காட்டவில்லை. எதிரணியில் ஒரு கூர்மையான பேச்சாளர் இருந்தால் அந்த இடைவெளியில்தான் நுழைவார். ஆகவே இன்னும் இரண்டு வரி சேர்த்தோம்: 'அன்று கேட்காமலேயே பையில் போட்டுக் கொடுத்தார் கடைக்காரர். இன்று பலர், பை கொண்டுவந்தீர்களா என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியைக் கேட்க வைத்தது தடை.'

எழுதிய மறுப்புக்கு ஓர் எல்லை உண்டு. எதிரணி என்ன பேசும் என்பது வெறும் ஊகம். அவர்கள் சொல்லாததைச் 'சொன்னார்கள்' என்று மறுப்பதை நடுவர்கள் உடனே பிடித்துவிடுவார்கள். அதனால் மறுப்புகளை உரைக்குள் எழுதாமல், ஒன்றுக்கு ஓர் அட்டை வீதம் தனியே எழுதிவைக்கச் சொன்னேன். உரையில் அந்த இடத்தில் 40 நொடி வெற்றிடம். மேடையில் எந்த வாதம் வருகிறதோ அந்த அட்டை மட்டும் வெளியே வரும்.

மூன்றாம் முறை, காது. தாளை மூடிவைத்துவிட்டு அவரை வாசிக்கச் சொன்னேன். இரண்டாவது பத்தியின் ஒரு வாக்கியம் இப்படித் தொடங்கியது: 'பத்து நிமிடம் மட்டுமே பயன்படுத்திவிட்டு வீதியில் எறிகின்ற, மழைக்காலத்தில் வாய்க்கால்களை அடைத்துக் குடியிருப்புகளுக்குள் வெள்ளத்தைத் திருப்பிவிடுகின்ற, மாடுகள் உணவென்று எண்ணி விழுங்குகின்ற இந்தப் பைகள்...' எதைப் பற்றிய பேச்சு என்று தெரிவதற்குள் மூன்று அடைமொழித் தொடர்கள் கடந்துபோகின்றன. அவருக்கும் நடுவில் மூச்சு வாங்கியது. மூச்சு தவறும் இடமே வாக்கியத்தை வெட்ட வேண்டிய இடம்.

வெட்டினோம். 'கடையில் ஒரு பை வாங்குகிறோம். பத்து நிமிடத்தில் எறிகிறோம். மழை வந்ததும் அது வாய்க்காலை அடைக்கிறது. தண்ணீர் எங்கே போகும்? நம் வீட்டுக்குள் வரும்.' எழுவாய் முதலில் வந்தது, வினைமுற்று சீக்கிரம் வந்தது. எல்லா வாக்கியங்களையும் இப்படிக் குறுக்கினால் சுத்தியல் அடிப்பதுபோல ஆகிவிடும். அடுத்து வரும் காரண வாக்கியத்தை அதனால் சற்று நீளமாகவே விட்டோம்.

'மேற்கூறிய' என்ற சொல்லையும் நீக்கினோம். பேச்சில் மேலும் இல்லை, கீழும் இல்லை. 'நான் முதலில் சொன்ன வாய்க்கால்' என்று பெயரிட்டே சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒரு சோதனை. தலைப்பு தெரியாத சக ஆசிரியர் ஒருவரை உட்காரவைத்து, திருத்தும் முன் இருந்த உரையையும் திருத்திய உரையையும் ஒரு நாள் இடைவெளியில் கேட்கச் செய்தேன். ஒவ்வொரு முறையும் கேட்டு முடித்ததும் நான் கேட்டது ஒன்றே: "ஏன் தடை வேண்டுமாம்?" முதல் நாள் அவர் சொன்னது: "நெகிழி ரொம்பக் கெடுதல்னு சொல்லுச்சு." மறுநாள்: "வசதி ஒருத்தருக்கு, அடைப்பு தெருவுக்கே. அதனால தடை வேணுமாம்."