ஸ்டிக்கர் வாங்கும் முன் H விசையைத் தட்டிப் பாருங்கள்

தமிழ் எழுத்து அச்சிட்ட ஸ்டிக்கரை ஒட்டிவிட்டால் கீபோர்டு தமிழுக்கு மாறிவிடும் என்று நம்பி வாங்குகிறவர்கள் நிறையப் பேர். எந்த விசைக்கு எந்த எழுத்து என்பது கணினிக்குள் நாம் தேர்ந்தெடுக்கும் லேஅவுட்டைப் பொறுத்தது. விசைமேல் இருப்பது அடையாளம் மட்டுமே. ஆகவே லேஅவுட்டை முடிவு செய்த பிறகுதான் ஸ்டிக்கர்.

புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது தமிழ்99. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு இது. உயிர் இடக்கைக்கு, மெய் பெரும்பாலும் வலக்கைக்கு. 12 உயிர், 18 மெய், ஒரு புள்ளி என்று 31 விசைகளில் அடிப்படை எழுத்துகள் அடங்கிவிடுகின்றன. ஒரே மெய்யை அடுத்தடுத்துத் தட்டினால் முதலாவது புள்ளி பெறும் என்பது இதன் விதி. அதனால் அ, ம, ம, ஆ என்று தட்டினாலே ‘அம்மா’.

விண்டோஸ் 11-ல் தமிழைச் சேர்த்ததும் தானாக வருவது தமிழ்99 என்று எண்ணிவிடாதீர்கள். Settings-இல் Time & language, அதனுள் Language & region போய், தமிழுக்கு எதிரே உள்ள மூன்று புள்ளிகளைத் தட்டி Language options-ஐத் திறக்க வேண்டும். அங்கே Add a keyboard மூலம் Tamil 99-ஐச் சேருங்கள். வெறும் Tamil என்றிருப்பது இன்ஸ்கிரிப்ட் வகை. சோதிப்பது எளிது: H விசையைத் தட்டினால் தமிழ்99-ல் ‘க’ வரும், இன்ஸ்கிரிப்ட்டில் ‘ப’ வரும்.

வேண்டாத தமிழ்க் கீபோர்டுகளை அதே இடத்தில் நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் Windows + Space அழுத்தும்போதெல்லாம் மூன்று நான்கு அமைப்புகளைச் சுற்றிவர நேரும். இரண்டே இருந்தால் ஒரு தட்டலில் தமிழ், மறு தட்டலில் ஆங்கிலம். கடவுச்சொல் சரியாக இருந்தும் ஏற்கப்படவில்லையா? முதலில் டாஸ்க்பாரின் வலக்கோடியில் எந்த மொழி இருக்கிறது என்று பாருங்கள்.

இனி ஸ்டிக்கர். கடையில் தாளைக் கையில் வாங்கியதும் H-க்கு உரிய எழுத்தைத் தேடுங்கள். அடுத்து ச, ஞ, ந, ய, ழ இருக்கின்றனவா பாருங்கள். தமிழ்99-ல் இந்த ஐந்தும் ஆங்கில எழுத்து விசைகளில் இல்லை. அடைப்புக்குறி, அரைப்புள்ளி, மேற்கோள், சாய்கோடு விசைகளில் இருக்கின்றன. 26 எழுத்துக்கு மட்டும் அச்சிட்ட தாளில் இவை விடுபட்டுப்போகும்.

ஆங்கில எழுத்து விசையின் மூலையில் இருந்தால், தமிழ் எழுத்து மட்டும் உள்ள ஒளிபுகும் ஸ்டிக்கர் போதும். பின்னொளி உள்ள லேப்டாப்புக்கும் அதுவே ஏற்றது. நடுவில் பெரிதாக அச்சிட்டிருந்தால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகிக் குழம்பும். அங்கே இரு மொழியும் சேர்த்து அச்சிட்ட ஒளிபுகாத வகைதான் சரி. ஒட்டும் முன் விசைகளின் எண்ணெய்ப் பிசுக்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து உலரவிடுங்கள். பிசுக்கு இருந்தால் ஓரம் சீக்கிரமே கிளம்பிவிடும்.