நேற்றைய நிலைக்குத் திரும்பும் மடிக்கணினி

தேக்காவுக்கு அருகே ஒரு வீவக வீடு. ஞாயிறு இரவு உயர்நிலை மூன்றில் படிக்கும் மாணவி தன் மடிக்கணினியில் லினக்ஸைப் புதுப்பிக்கிறாள். மறுபடி இயக்கினால் திரை கருப்பாகவே நிற்கிறது. மறுநாள் ஒப்படைக்க வேண்டிய கட்டுரை உள்ளே இருக்கிறது. என்ன செய்வாள்?

அவளது கணினியில் இருப்பது ஓப்பன்சூசே என்ற லினக்ஸ் வகை என்று வைத்துக்கொள்வோம். அதில் ஸ்னாப்பர் என்ற கருவி, ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் முன்பும் பின்பும் கணினியின் நிலையைத் தானாகவே பதிவு செய்கிறது. இப்பதிவுக்கு ஸ்னாப்ஷாட் என்று பெயர்.

20 ஜிகாபைட் அளவுள்ள கோப்புகளை ஒரு நொடியில் நகலெடுக்க முடியுமா? நகலெடுப்பதே இல்லை. அதுதான் இதன் சூட்சுமம். பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை, ஒரு கோப்பு மாறும்போது பழைய பக்கத்தை அழித்து எழுதாது. புதிய பக்கத்தில் எழுதிவிட்டு, பொருளடக்கத்தில் பக்க எண்ணை மட்டும் மாற்றும். ஸ்னாப்ஷாட் என்பது பழைய பொருளடக்கத்தைப் பத்திரப்படுத்துவதுதான். எனவே எடுத்தவுடன் அது கிட்டத்தட்ட இடமே பிடிக்காது. புதுப்பிப்பு 1 ஜிகாபைட் கோப்புகளை மாற்றினால், பழைய 1 ஜிகாபைட்டும் வட்டில் தங்கும்.

மாணவி கணினியை மறுபடி இயக்கி, தொடக்கப் பட்டியலில் `Start bootloader from a read-only snapshot` என்ற வரியைத் தேர்ந்தெடுக்கிறாள். புதுப்பிப்புக்கு முந்தைய பதிவைத் திறக்கிறாள். திரை ஒளிர்கிறது! அப்படியானால் திரை பழுதாகவில்லை, குற்றம் புதுப்பிப்பில்தான். பழைய பதிவிலும் இருளே நீடித்தால் வன்பொருளைச் சந்தேகிக்க வேண்டும்.

இந்தப் பதிவு படிக்க மட்டுமே. இதில் எதையும் மாற்ற முடியாது. அதனால் முனையத்தில் இப்படித் தட்டச்சு செய்கிறாள்:

```
sudo snapper rollback
sudo reboot
```

முதல் கட்டளை, அந்தப் பழைய பதிவிலிருந்து எழுதக்கூடிய புதிய பிரதி ஒன்றை உருவாக்கி, இனி அதிலிருந்தே தொடங்கும்படி அமைக்கிறது. கெட்டுப்போன நிலையும் அழியாமல் ஒரு பதிவாக நிற்கும். காரணத்தைப் பிறகு ஆராயலாம்.

கட்டுரை என்னவாயிற்று? அது இருந்தபடியே இருக்கிறது. மாணவியின் கோப்புகள் உள்ள `/home` பகுதி வழக்கமான அமைப்பில் இந்தப் பதிவுகளில் சேராது. கணினி பின்னால் போனாலும், இன்று எழுதிய பத்தி பின்னால் போவதில்லை.

ஆனால் இதே காரணத்தால், தவறுதலாக அழித்த கட்டுரையை இந்தப் பதிவிலிருந்து மீட்கவும் முடியாது. மேலும், பழைய பக்கங்களும் புதிய பக்கங்களும் ஒரே வட்டில் இருக்கின்றன. வட்டு பழுதானால் இரண்டும் போய்விடும். ஆகவே கட்டுரையின் பிரதி ஒன்று வேறொரு வட்டிலோ விரலியிலோ இருக்கட்டும்.

இடமும் கவனிக்கத்தக்கது. பெரிய கோப்பை அழித்தும் காலி இடம் கூடவில்லை என்றால், ஏதோ ஒரு பழைய பதிவு அதைப் பிடித்து வைத்திருக்கலாம். `sudo snapper list` என்று தட்டச்சு செய்தால் பதிவுகள் எண்ணோடும் தேதியோடும் வரிசையாகத் தெரியும். தேவையற்ற எண்ணை நீக்கினால், வேறெந்தப் பதிவும் பயன்படுத்தாத பக்கங்கள் விடுபடும்.