பணம் இருக்கும், கையில் வராது

ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளுக்குக் கவுன்சலிங் ஏஜென்சி அனுப்பும் கடைசி மின்னஞ்சல்களில் ஒன்று, புறப்படுவதற்கு முந்தைய விளக்கக் கூட்டத்துக்கான அழைப்பு. தேதி, நேரம், ஜூம் இணைப்பு, ‘பெற்றோரும் அவசியம் வரவும்’ என்ற குறிப்பு இருக்கும். பெற்றோர் எதற்கு?

காரணம் பணம். விசாவுக்காக முடக்கக் கணக்கில் 11,904 யூரோ போட்டிருப்பார்கள். அது மாதம் 992 யூரோவாகத்தான் வெளியே வரும். அதுவும் மாணவர் ஜெர்மனி போய், அங்கே ஒரு நடப்புக் கணக்கு திறந்த பிறகுதான்.

சிக்கல் இங்கேதான். பல வங்கிகள் முகவரிப் பதிவுச் சான்று கேட்கும். அந்தப் பதிவுக்கு, ‘இவர் இங்கே குடியிருக்கிறார்’ என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். தற்காலிக விடுதிகள் பல அதைத் தருவதில்லை.

ஒரு மாணவி 400 யூரோ வாடகையில் அறை பிடிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். சட்டப்படி மூன்று மாத அடிப்படை வாடகை வரை முன்பணம் கேட்கலாம். 1,200 யூரோவும் முதல் மாத வாடகையுமாக 1,600 யூரோ, முதல் தவணை வருவதற்கு முன்பே தேவைப்படலாம்.

ஆகவே கூட்டத்தில் பெற்றோர் கேட்க வேண்டியவை இரண்டு. முதல் சில வாரச் செலவுக்குப் பணம் ஃபாரெக்ஸ் கார்டில் தனியாக இருக்கிறதா? தங்குமிடம் அந்தக் கடிதத்தைத் தருமா? இரண்டாவதற்கான பதிலை வீட்டுக்காரரிடமிருந்தே எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.