யார் பையைத் திறப்பது?

கோவைப் பக்கம் பம்ப் மோட்டார் செய்யும் ஓர் ஆலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். மோட்டாருக்குச் சுற்றும் செம்புக் கம்பிக்கு வெளியே நல்ல விலை கிடைக்கும். டிபன் பையில் ஒரு சிறு சுருளை மறைத்து எடுத்துப் போவதும் எளிது. மாலை ஷிப்ட் முடிந்ததும் 400 பேர் கேட்டைத் தாண்ட வேண்டும். ஒரு பையைத் திறந்து பார்க்க ஒரு நிமிடம் என்றாலும், இரண்டு செக்யூரிட்டிகள் எல்லோரையும் பார்த்து முடிக்க மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். கம்பெனி பஸ் அதுவரை நிற்காது. அதனால் சிலரை மட்டும் பார்ப்பது என்று நிர்வாகம் முடிவு செய்கிறது. அந்தச் சிலர் யார் என்பதை யார் முடிவு செய்வது?

பெரும்பாலான இடங்களில் அது கேட்டில் நிற்பவரின் கையில் விடப்படுகிறது. "சந்தேகப்படுற மாதிரி இருந்தா நிறுத்துங்க" என்பதுதான் அவருக்குத் தரப்படும் உத்தரவு. அவர் கெட்ட மனிதராக இருக்க வேண்டியதில்லை. ஆனாலும் புதிதாகச் சேர்ந்தவர், ஒப்பந்தத் தொழிலாளி, வெளிமாநிலத்திலிருந்து வந்த பையன், போன வாரம் அவரோடு வாக்குவாதம் செய்தவர் ஆகியோர் மீதுதான் கண் போகும். தினமும் "என்னண்ணே, சாப்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போகிறவரின் பை திறக்கப்படுவதில்லை. ஆள் பார்க்காமல் நிறுத்தச் சொன்னாலும் மனித மனத்தால் அது முடியாது. ஒருவரைச் சோதித்தவுடன் அடுத்த நான்கைந்து பேரை விட்டுவிடத் தோன்றும். நேற்றுப் பார்த்தவரை இன்றும் பார்க்கச் சங்கடமாக இருக்கும். இந்தப் பழக்கங்களைத் தினமும் கவனிக்கிறவன் கம்பி எடுக்க நினைப்பவன்தான். ஆகவே அப்பாவிகள் அவமானப்படுகிறார்கள், எடுப்பவன் தப்பிக்கிறான்.

அமெரிக்காவில் 1979-இல் இதே கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. டெலவேர் மாநிலத்தில் ஒரு போலீஸ்காரர் எந்தக் காரணமும் இல்லாமல் ஒரு காரை மட்டும் நிறுத்தி உரிமத்தைக் கேட்ட வழக்கு அது. எந்த வண்டியை நிறுத்துவது என்பதைத் தனி அதிகாரியின் இஷ்டத்துக்கு விடக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. தடுப்புப் போட்டு வருகிற எல்லா வண்டிகளையும் கேட்பதை ஒரு மாற்று வழியாகக் காட்டியது. சோதனையே தவறு என்று அது சொல்லவில்லை, தேர்வை ஒருவரின் மனம் செய்வதைத்தான் மறுத்தது.

அப்படியானால் இருபதாவது ஆளை நிறுத்தலாமே என்று நம் மேலாளர் நினைக்கிறார். நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் வரிசையில் நிற்பவனுக்கும் இருபது வரை எண்ணத் தெரியும். செருப்பு வாரைச் சரிசெய்வது போலக் குனிந்து பின்னால் வருபவரை முன்னே விட்டால் போதும்.

இரண்டு குறையையும் சேர்த்துத் தீர்க்கும் வழி ஒன்று உண்டு. மெக்சிகோ நாட்டு விமான நிலையங்களின் சுங்கப் பகுதியில் பயணிகளை ஒரு பட்டனை அழுத்தச் சொல்லும் வழக்கம் பல ஆண்டுகள் இருந்தது. பச்சை விளக்கு எரிந்தால் போகலாம், சிவப்பு எரிந்தால் பெட்டியைத் திறக்க வேண்டும். ஆலை கேட்டிலும் இதே போன்ற பெட்டியை வைக்கலாம். ஒவ்வொருவரும் தாமே பட்டனை அழுத்துகிறார்கள். இருபதில் ஒரு பங்கு வாய்ப்பில், அதாவது 5 சதவீதத்தில், சிவப்பு எரியும்படி அமைத்திருக்கிறார்கள். நல்ல பெட்டிக்கு ஞாபகம் கிடையாது. முன்னால் போனவருக்குச் சிவப்பு எரிந்ததா, உங்களுக்கு நேற்று எரிந்ததா என்பது அதற்குத் தெரியாது. ஒவ்வொரு அழுத்தத்திலும் வாய்ப்பு அதே இருபதில் ஒன்றுதான்.

முதல் மாதம் முடியும்போதுதான் சிக்கல் வருகிறது. மாதத்துக்கு 25 வேலை நாள், 400 பேர். கணக்குப்படி ஏறத்தாழ 500 சோதனைகள் நடக்கும், ஆளுக்குச் சராசரி ஒன்றேகால். ஆனால் அது எல்லோருக்கும் சமமாகப் பங்கு போவதில்லை. ஒருவர் 25 நாளும் பச்சையிலேயே போவதற்கான வாய்ப்பு, 0.95-ஐ 25 முறை பெருக்கினால் வருவது, சுமார் 28 சதவீதம். அதாவது ஏறக்குறைய 110 பேர் அந்த மாதம் பையைத் திறக்கவே மாட்டார்கள். 145 பேர் போல ஒரு முறையும், 90 பேர் போல இரண்டு முறையும் மாட்டுவார்கள். மூன்று முறை மாட்டுகிறவர்கள் 37 பேர் அளவில் இருப்பார்கள். நான்கு அல்லது அதற்கு மேல் மாட்டுகிறவர்கள் பதினான்கு பேர் போல. அதிலும் மூன்று பேர் போல ஐந்து முறையோ அதற்கு மேலோ நிறுத்தப்பட்டிருப்பார்கள். யாருடைய கையும் படாமலே இப்படித்தான் நடக்கும்.

ஐந்து முறை நிறுத்தப்பட்ட அம்மாவுக்கு இந்தக் கணக்கு தெரியாது. "என்னை மட்டும் ஏன் சார் பிடிக்கிறீங்க?" என்று அவர் கேட்பது இயல்பு. பெட்டியைப் பொருத்தும்போதே, மாதம் சிலர் நான்கைந்து முறை மாட்டுவார்கள், நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாட்டவே மாட்டார்கள் என்று சொல்லி வைப்பது நிர்வாகத்தின் கடமை. சொல்லாமல் விட்டால், நேர்மையான குலுக்கலே ஆள் பார்த்துப் பிடிப்பது போலத் தோன்றும்.

இந்த இடத்தில்தான் நல்லெண்ணத்தில் ஒரு தவறு நடக்கும். ஒரு முறை சோதிக்கப்பட்டவரை அந்த மாதம் மறுபடி நிறுத்த வேண்டாம் என்று தொழிலாளர் தரப்பிலேயே கேட்பார்கள். கேட்கக் கருணையாக இருக்கும், ஆனால் முறையே உடைந்துபோகும். மூன்றாம் தேதி சோதிக்கப்பட்டவனுக்கு அன்றிலிருந்து மாதக் கடைசி வரை கதவு திறந்துவிட்டது என்று பொருள். அமெரிக்காவில் லாரி, பஸ் ஓட்டுநர்களுக்குப் போதைப் பொருள் சோதனை நடத்தும் விதி இதைத் தெளிவாகவே தடுக்கிறது. தேர்வான பெயர் மறுபடி அதே தொகுப்புக்குத் திரும்ப வேண்டும், ஒவ்வொரு தேர்விலும் எல்லோருக்கும் சம வாய்ப்பு இருக்க வேண்டும். அங்கே 2020 முதல் ஆண்டுச் சோதனை விகிதம் 50 சதவீதம். 100 ஓட்டுநர் இருந்தால் ஆண்டுக்கு 50 சோதனை. அதனால் சரியாகப் பாதிப்பேர் சோதிக்கப்படுவார்கள் என்று இல்லை. சிலர் இரண்டு முறை மாட்டுவார்கள், பலர் மாட்டவே மாட்டார்கள்.

சரி, பெட்டி நேர்மையாக இருக்கிறதா, அதை யாரும் ஏமாற்றவில்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பெரும்பாலான கேட்டுகளில் பதிவேட்டில் சிவப்பு எரிந்தவர்களை மட்டும் எழுதுகிறார்கள். அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. பச்சையில் போனவர்களின் எண்ணிக்கையும் வேண்டும். ஒரு தொழிலாளி 25 அழுத்தங்களில் ஒன்பது சிவப்பு பெற்றிருந்தால், அது வெறும் தற்செயலாக நடக்கப் பத்து லட்சத்தில் இரண்டு வாய்ப்புகூட இல்லை. அங்கே யாரோ கைவைத்திருக்கிறார்கள், அல்லது பெட்டி பழுதாகியிருக்கிறது. தனி ஆளைவிடக் கூட்டமாகப் பார்ப்பது இன்னும் தெளிவாகக் காட்டும். 400 பேரில் 100 பேர் ஒப்பந்தத் தொழிலாளர்கள் என்றால், 500 சோதனைகளில் ஏறத்தாழ 125 அவர்களுடையதாக இருக்க வேண்டும். 105-இலிருந்து 145 வரை இருந்தால் குறை சொல்ல இடமில்லை. 220 என்று வந்தால் மேலாளர் அன்றே கேட்டுக்குப் போய் நின்று பார்க்க வேண்டும்.

போய்ப் பார்த்தால் தவறு பெரும்பாலும் பெட்டியில் இருக்காது, அதைச் சுற்றி இருக்கும். ஒருவருக்குச் சிவப்பு எரிந்து செக்யூரிட்டி குனிந்து பையைப் பார்க்கும்போது பின்னால் பத்துப் பேர் பட்டனை அழுத்தாமலே போய்விடுவார்கள். இதற்காகவே இரண்டு பேர் கூட்டு வைத்துக்கொண்டு, காலிப் பைக்காரன் முன்னால் வருவதுண்டு. தெரிந்தவருக்குச் சிவப்பு எரிந்தால் "பட்டன் சரியா அழுந்தலைண்ணே" என்று மறுபடி அழுத்தச் சொல்வார்கள். மேலாளரின் கார் பட்டனே அழுத்தாமல் போகும். இரவு ஷிப்டில் பெண் காவலர் இல்லையென்றால், பெண்களைச் சோதிக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆண் காவலரே அவர்களைச் சோதிப்பது அதைவிட மோசம். பெண்களைச் சோதிக்கப் பெண் காவலரும், திரை போட்ட அறையும் இல்லாத ஆலை முதலில் அதை ஏற்பாடு செய்துவிட்டுத்தான் பெட்டியை வாங்க வேண்டும்.

பட்டன் பெட்டி வாங்க முடியாத சிறு இடங்களும் உண்டு. நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு லாரி போகும் கிடங்கு என்றால் ஒரு துணிப் பையும் இருபது டோக்கன்களும் போதும். பத்தொன்பது வெள்ளை, ஒன்று சிவப்பு. கையால் தடவிப் பார்த்தால் வித்தியாசம் தெரியக் கூடாது. ஓட்டுநரே எடுக்கட்டும். எடுத்ததை உடனே பையில் போட்டுக் குலுக்க வேண்டும். சிவப்பை வெளியே வைத்துவிட்டால் அன்றைக்கு மற்ற எல்லா லாரிக்கும் விடுதலைதான். குலுக்குவதை லேசாக எண்ணிவிடக் கூடாது. 1969 டிசம்பரில் அமெரிக்கா வியட்நாம் போருக்கு இளைஞர்களை அழைக்கப் பிறந்த தேதிகளை 366 குப்பிகளில் அடைத்துக் குலுக்கலில் எடுத்தது. மாத வரிசையில் போட்ட குப்பிகளைச் சரியாகக் கலக்கவில்லை. ஆண்டின் கடைசி மாதங்களில் பிறந்தவர்களின் தேதிகள் அளவுக்கு மீறி முதலிலேயே வந்தன. முதலில் எடுக்கப்பட்டவர்கள்தான் முதலில் அழைக்கப்பட்டார்கள். சரியாகக் கலக்காத பானையும் ஆள் பார்த்துப் பிடித்தது போலத்தான்.

இந்த முறைக்கு எல்லை உண்டு. தினமும் கம்பி எடுப்பவன் ஒரு மாதத்துக்குள் மாட்ட 72 சதவீத வாய்ப்பு இருக்கிறது, இரண்டு மாதத்தில் 92 சதவீதம். ஆனால் ஒரே ஒரு நாள் எடுப்பவன் நூற்றுக்கு 95 வாய்ப்பில் தப்பிவிடுவான். ஒருவர் மீது உண்மையான தகவல் கிடைத்தால் அவரைத் தனியாகச் சோதிக்கலாம். அதைக் காரணத்தோடு எழுதி, மேலதிகாரி கையெழுத்திட்டு, அது சந்தேகச் சோதனை என்று அவரிடமே சொல்லிச் செய்ய வேண்டும். அதைக் குலுக்கலில் வந்தது என்று பொய் சொல்லிச் செய்தால், அதன் பிறகு எந்தச் சிவப்பு விளக்கையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆகவே ஆலை நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். மாதம் ஒரு முறை கேட்டின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டுங்கள். எத்தனை பேர் பட்டன் அழுத்தினார்கள், எத்தனை சிவப்பு, அதில் நிரந்தரம் எத்தனை, ஒப்பந்தம் எத்தனை, ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை என்ற எண்கள் இருந்தால் போதும், பெயர் வேண்டாம். அடிக்கடி நிறுத்தப்படுகிற தொழிலாளிகளே, "என் பெயருக்கு எதிரே சிவப்பு எத்தனை, பச்சை எத்தனை?" என்று கேளுங்கள். இந்த இரண்டு எண்ணையும் காட்ட முடியாத நிர்வாகம், தான் நடத்துவது ரேண்டம் செக் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.