சந்தாவுக்கு முன் ஒரு மடலைக் காட்டுவது எப்படி?

தமிழ் வார இதழ்களில் ‘அடுத்த இதழில்’ என்று ஒரு கட்டம் வரும். அதில் தலைப்பை மட்டும் போட்டாலே போதும். படிப்பவர் கையில் இதழ் ஏற்கெனவே இருக்கிறது, அதன் தரமும் அவருக்குத் தெரியும். மின்னஞ்சலில் செய்திமடல் நடத்துபவருக்கு அந்த வசதி இல்லை. இன்ஸ்டாகிராமில் அவர் பதிவைப் பார்ப்பவர் மடலைக் கண்ணால் கண்டதே கிடையாது. “சேருங்கள், பயனுள்ள தகவல்கள் வரும்” என்று சொன்னால் மட்டும் அவர் தன் மின்னஞ்சல் முகவரியைத் தந்துவிட மாட்டார். மடலையே கொஞ்சம் திறந்து காட்ட வேண்டும். அதற்கு ஏற்றது கரோசல், அதாவது விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் படவரிசை.

இன்ஸ்டாகிராம் 2017இல் இதைக் கொண்டுவந்தபோது ஒரு பதிவுக்கு 10 படங்கள் வரை போடலாம். 2024இல் அதை 20 ஆக்கினார்கள். மடலை அறிமுகம் செய்ய அத்தனை தேவையில்லை, ஆறு போதும் என்பது என் கருத்து.

மாடித்தோட்டம் பற்றிச் சனிக்கிழமைதோறும் மடல் அனுப்பும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இந்த வார மடல் செம்பருத்தியில் வரும் மாவுப்பூச்சி பற்றியது. பலர் முதல் ஸ்லைடில் “இந்த வார மடல் வெளிவந்துவிட்டது” என்று எழுதுகிறார்கள். அது எழுதியவருக்குத்தான் செய்தி. செடி வைத்திருப்பவரை நிறுத்தும் கேள்வி வேறு: “மருந்து அடித்தும் மாவுப்பூச்சி திரும்பத் திரும்ப வருகிறதா?” முதல் ஸ்லைடில் இந்த ஒரு வரியும், வெள்ளை படிந்த மொட்டின் படமும் இருந்தால் போதும்.

இரண்டாவது ஸ்லைடில் காரணம். மாவுப்பூச்சி இனிப்பான திரவத்தைச் சுரக்கிறது. அதைத் தேடி வரும் எறும்புகள் பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டுகளை விரட்டிவிடுகின்றன. எறும்பை விட்டுவிட்டு மருந்து மட்டும் அடித்தால் பூச்சி திரும்ப வரத்தான் செய்யும். இந்த ஸ்லைடைத் தனியாகப் படித்தாலும் புரிகிற மாதிரி எழுத வேண்டும். முதல் ஸ்லைடைத் தள்ளாமல் கடந்துபோனவருக்கு, இன்ஸ்டாகிராம் பிறகொரு முறை இரண்டாவது ஸ்லைடிலிருந்து அதே பதிவைக் காட்டுவதுண்டு.

மூன்றாவதில் ஒரு தீர்வை முழுதாகக் கொடுக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல், மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளிப்பது, ஒரு வாரம் கழித்து மறுபடியும். இங்கேதான் பலர் கையை இழுத்துக்கொள்கிறார்கள். அளவை மறைத்து “மீதி மடலில்” என்று நிறுத்துகிறார்கள். படிப்பவருக்கு ஏமாந்த உணர்வுதான் மிஞ்சும். முழுதாகக் கிடைத்த ஒரு சின்ன உதவிதான், மடலிலும் இப்படித்தான் இருக்கும் என்ற நம்பிக்கையைத் தருகிறது.

அப்படியானால் மடலில் என்ன மிச்சம்? அதை நான்காவது ஸ்லைடு பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும். பூச்சி முற்றிய செடியை எந்தக் கணுவுக்கு மேல் வெட்டுவது என்ற படங்கள், எறும்பு ஏறும் வழியை அடைக்கும் முறை, வாசகர் ஒருவரின் கேள்விக்குப் பதில். “இன்னும் பல” என்று எழுதினால் ஒன்றுமே எழுதாததற்குச் சமம். ஐந்தாவதில் மடலின் ஸ்கிரீன்ஷாட். முழுப் பக்கத்தையும் சுருக்கிப் போட்டால் எழுத்து எறும்பு மாதிரி தெரியும். ஒரு பத்தியை மட்டும் வெட்டிப் பெரிதாகப் போடுங்கள். ஆறாவதில் எந்தக் கிழமை வரும், படிக்க எத்தனை நிமிடம், இலவசமா கட்டணமா, எங்கே சேருவது என்ற விவரங்கள்.

‘எங்கே’ என்பதில்தான் அதிகம் சறுக்குகிறது. இன்ஸ்டாகிராமில் படத்துக்குக் கீழே எழுதும் குறிப்பில் போட்ட இணைப்பைத் தொட்டால் திறக்காது. பயோவில்தான் வைக்க வேண்டும். அதுவும் முகப்புப் பக்கத்துக்குப் போகாமல், நேராக மின்னஞ்சல் கேட்கும் கட்டத்துக்குப் போக வேண்டும். லிங்க்ட்இன்னில் இதே ஸ்லைடுகளை பிடிஎஃப் கோப்பாக ஏற்றினால் கரோசல்போலத் தள்ளிப் பார்க்கலாம்.

பலன் கிடைத்ததா என்பதை லைக்கை வைத்துச் சொல்ல முடியாது. பலர் சேவ் செய்தும் யாரும் பயோ பக்கம் வரவில்லை என்றால் நான்காவது ஸ்லைடைச் சந்தேகிக்க வேண்டும். மடலில் வேறென்ன இருக்கிறது என்று அது சொல்லவில்லை. இணைப்பைத் தொட்டவர்கள் இருந்தும் சேர்ந்தவர்கள் இல்லை என்றால் குறை சந்தா பக்கத்தில்: பெயர், கைபேசி எண், ஊர் என்று தேவையில்லாததெல்லாம் கேட்டிருப்பீர்கள். சேர்ந்தவர்கள் அடுத்த சில வாரங்களிலேயே விலகினால், கரோசலில் காட்டிய தரம் மடலில் இல்லை என்று பொருள்.

பதிவை வெளியிடும் முன், உங்கள் மடலை இதுவரை பார்க்காத ஒருவரிடம் கைபேசியைக் கொடுத்து ஸ்லைடுகளைத் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். “சனிக்கிழமை உங்களுக்கு என்ன வரும்?” என்று கேளுங்கள். அவரால் இரண்டு விஷயமாவது சொல்ல முடியாவிட்டால், அன்றைக்கு வெளியிடாதீர்கள்.